குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வதந்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தேங்காயைச் சீவி சுடுதண்ணியில போட்டு தினமும் குடிச்சா கேன்சர் போயிடும்னு எங்க பெரியம்மா குரூப்ல போட்டிருக்காங்க. டாடா மருத்துவமனை டாக்டர் பேரும் இருக்கு. நிஜமா?"

இல்லை. இந்தச் செய்தியில் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே பெயர் போட்டிருக்கும். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அந்த மருத்துவமனையே 2019-இல் மறுப்பு வெளியிட்டது. அதன் பிறகும் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

செய்தி சொல்லும் காரணம் இதுதான்: சுடுநீரில் தேங்காய் ஊறினால் அது காரத்தன்மை உள்ள நீராக மாறும், அது புற்றுநோய் செல்களை மட்டும் தேடிக் கொல்லும். நம் ரத்தத்தின் பிஎச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில்தான் இருக்கும். அதை அந்த அளவிலேயே வைத்திருப்பது நுரையீரலும் சிறுநீரகமும். குடிக்கிற தண்ணீரைக் கொண்டு அதை மாற்ற முடியாது. எந்தத் தண்ணீரானாலும் முதலில் போய்ச் சேர்வது கடும் அமிலம் நிறைந்த இரைப்பைக்குத்தான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. இதே செய்தி எலுமிச்சைத் துண்டு, அன்னாசித் துண்டு என்று பழத்தை மட்டும் மாற்றிக்கொண்டு முன்பே வந்திருக்கிறது. சுடுநீர், காரத்தன்மை, கெட்ட செல்லை மட்டும் கொல்லும், பத்துப் பேருக்கு அனுப்பினால் ஓர் உயிராவது பிழைக்கும் என்கிற நான்கும் அப்படியே இருக்கும். இந்த அச்சை ஒருமுறை குரூப்பில் காட்டிவிட்டால், அடுத்த முறை இஞ்சியோ கற்றாழையோ வரும்போது நாலு பேராவது தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"எங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்க. அப்புறம் எப்படி இதெல்லாம் பரவுது?"

பெரியம்மா இதை உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்த்து அனுப்பவில்லை. அவருக்குத் தெரிந்த ஒருவர் சிகிச்சையில் இருப்பார். அவர் நினைவு வந்து அனுப்பியிருப்பார். "உண்மையா இருந்தா நல்லது, இல்லைன்னாலும் தேங்காய்தானே, என்ன கெட்டுப்போகுது" என்பதுதான் கணக்கு. அனுப்புவதற்கு இரண்டு தட்டு போதும். சோதிப்பதற்குக் கால் மணி நேரம் வேண்டும். படிப்பு இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

பெறுகிறவர்களும் செய்தியைப் பார்ப்பதற்கு முன் அனுப்பியவரைப் பார்க்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்டால் தாண்டிப் போகிறவர், அதையே சொந்த சித்தப்பா போட்டால் நின்று படிக்கிறார். மறுக்கத் தெரிந்தவர்களோ, பெரியவர்களை எதிர்த்துப் பேசியதாகிவிடுமே என்று வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனத்தை மற்றவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறார்கள். நாற்பது பேர் படித்தும் ஒருவரும் மறுக்கவில்லை என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது.

அடுத்தது, திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது. ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை படிக்கும்போது அது முதல் முறையைவிட உண்மையாகத் தோன்றும். 1977 முதல் உளவியல் சோதனைகள் இதைக் காட்டிவருகின்றன. அம்மா வழி குரூப், அப்பா வழி குரூப், அபார்ட்மெண்ட் குரூப் மூன்றிலும் வந்த செய்தியை, மூன்று பேர் தனித்தனியாக உறுதிசெய்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் மூன்றும் ஒரே ஃபார்வர்டு.

"ஒரு குரூப்ல நான் ஒருத்தன் மறுத்துச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு குரூப்பில் 40 பேர். அதில் இரண்டு பேர் மட்டும் ஆளுக்கொரு வேறு குரூப்புக்கு அனுப்புகிறார்கள், அங்கும் இரண்டு பேர் அப்படியே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சுற்றில் புதிதாக 2, 4, 8, 16, 32 குரூப்புகள். முதல் குரூப்போடு சேர்த்து 63. ஒரே ஆள் பல குரூப்பில் இருப்பதை விட்டுவிட்டால் 2,520 பேர்.

இப்போது ஒவ்வொரு குரூப்பிலும் அந்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் அனுப்பாமல் நின்றுவிட்டால்? ஐந்து சுற்று முடிந்தாலும் மொத்தம் 6 குரூப்தான், 240 பேர். இருவருமே நின்றால் அந்தக் கிளை அங்கேயே முடிந்துபோகும்.

அதனால் பெரியம்மாவின் மனத்தை மாற்றியே தீரவேண்டும் என்பதில்லை. நாற்பது பேரையும் நம்பவைக்க வேண்டியதும் இல்லை. அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அந்த ஒருவர் கை நின்றால் போதும். மறுப்பை அவருக்காக எழுதுங்கள். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, பெரும்பாலும் அவர் ஒரு வார்த்தையும் பதில் போடமாட்டார். குரூப்பில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

நேரமும் முக்கியம். ஃபார்வர்டு செய்கிறவர்கள் படித்த கையோடு செய்துவிடுகிறார்கள். காலை 7 மணிக்கு வந்ததற்கு இரவு 10 மணிக்கு நாலு பக்க மறுப்பு போடுவதைவிட, 7:20-க்கு இரண்டு வரி போடுவது நல்லது.

"மெசேஜ் மேல வர்ற அம்புக்குறியை வெச்சு பொய்னு கண்டுபிடிக்கலாமா?"

முடியாது. அது எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தது என்பதைத்தான் சொல்லும். ஒற்றை அம்புடன் `Forwarded` என்று இருந்தால், அனுப்பியவர் தானே எழுதியதல்ல. இரட்டை அம்புடன் `Forwarded many times` என்று இருந்தால், குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். 2020 ஏப்ரலில் இந்தக் கட்டுப்பாடு வந்த பிறகு அவ்வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக வாட்ஸ்அப் சொன்னது.

ஆனால் எழுத்தைக் காப்பி செய்து ஒட்டினாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ அம்பு மறைந்துவிடும், எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். அம்பு இல்லையே, அவரே எழுதியதுதான் போலிருக்கிறது என்று நம்பிவிடக்கூடாது. தேங்காய்ச் செய்தி போன்ற நீண்ட எழுத்துச் செய்திகள் அதிகம் பயணிப்பது இந்தக் காப்பி வழியில்தான். நம் மாமாவின் எழுத்தில் ஒருபோதும் வராத நடை, நட்சத்திரக் குறிகள், வரிசையாக எமோஜி, நடுவில் பாதி அறுந்த வாக்கியம் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

"குரூப்லயே மறுக்கறதா, பெரியம்மாவைத் தனியா கூப்பிட்டுச் சொல்றதா?"

இரண்டும் வேண்டும். வரிசைதான் முக்கியம்: முதலில் போன், உடனே குரூப்.

தனியாக மட்டும் சொன்னால் பெரியம்மாவின் மரியாதை காப்பாற்றப்படும். ஆனால் படித்துவிட்ட மற்ற 38 பேருக்கு எதுவும் தெரியாது. குரூப்பில் மட்டும் போட்டால் 38 பேருக்கும் தெரியும். ஆனால் மருமகள், சம்பந்தி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் தவறு சுட்டப்பட்டதால், பெரியம்மா செய்தியை விட்டுவிட்டுத் தன் மானத்தைக் காக்க இறங்கிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து பேச்சு தேங்காயைப் பற்றியதாக இருக்காது. இந்திய இளைஞர்கள் வீட்டுப் பெரியவர்களை எப்படித் திருத்துகிறார்கள் என்று பிரணவ் மல்ஹோத்ரா, கேட்டி பியர்ஸ் போன்ற ஆய்வாளர்கள் பேட்டியெடுத்து எழுதியவற்றிலும், பெரியவர் முகம் சுண்டாமல் சொல்வதற்கான இடத்தையும் வழியையும் தேடுவதுதான் பெரிய வேலையாக வருகிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். செய்தியைப் பார்த்ததும் பெரியம்மாவுக்கு இரண்டு நிமிடம் போன். செய்தியை விட்டு, அவர் அக்கறையிலிருந்து தொடங்குங்கள்: "பெரியம்மா, யாருக்காகப் போட்டீங்க, பாக்கியம் அத்தைக்கா? நல்லா இருக்காங்களா?" அதற்கு அவர் பதில் சொன்ன பிறகு: "அந்தச் செய்தியில இருக்கற டாக்டர், நான் சொல்லவே இல்லைனு சொல்லிட்டாராம். ஆஸ்பத்திரியே அறிவிச்சிருக்கு. அவர் பேரை யாரோ போட்டுட்டாங்க. நீங்களே குரூப்ல ஒரு வரி போட்டுடறீங்களா, இல்ல நான் போடட்டுமா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகம் வேலை செய்வது. அவரே போட்டால் அவர் தவறு செய்தவராக இல்லாமல் எச்சரித்தவராக ஆகிறார். மற்றவர்களும் அனுப்பியவரே திரும்பப் பெற்றதை எளிதில் ஏற்பார்கள். "நீயே போட்டுடுப்பா" என்று அவர் சொன்னாலும் நல்லதுதான். இனி நீங்கள் போடுவது அவர் சம்மதத்துடன் வருவது. "பெரியம்மாவும் நானும் பேசினோம்" என்றே தொடங்கலாம்.

போன் எடுக்கவில்லை என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பெயர் சொல்லாமல் குரூப்பில் போட்டுவிட்டு, பிறகு அவரிடம் பேசுங்கள்.

யார் பேசுவது என்பதையும் யோசியுங்கள். வீட்டில் நர்ஸாகவோ மருந்தாளுநராகவோ ஒருவர் இருந்தால் நல்லது. அதைவிட நல்லது, பெரியம்மா வழக்கமாகப் பேச்சைக் கேட்கிற ஆள். வெளியூரில் வேலைபார்க்கும் படித்த பேரன் சொல்வதைவிடப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை சொல்வது எடுபடும்.

"மறுப்பை எப்படி எழுதணும்? நான் எழுதினா சண்டையில முடியுது."

பெரும்பாலும் சண்டைக்குக் காரணம் முதல் வரி. "இது ஃபேக்", "ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி யோசிங்க", "படிச்சவங்களே இப்படியா" என்று ஆரம்பித்தால் அடுத்த வரியை யாரும் படிப்பதில்லை. சிரிக்கும் எமோஜியும் அப்படியே. நகைச்சுவையாக நினைத்துப் போட்டது எதிர்ப்பக்கம் ஏளனமாகப் போய்ச் சேரும்.

உண்மையை முதல் வரியில் வையுங்கள். பொய்யை ஒருமுறை மட்டும், அது பொய் என்று சொல்லிக்கொண்டே குறிப்பிடுங்கள். அந்தப் பொய் எப்படி வந்தது என்று ஒரு வரி. கடைசியில் என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி. மொத்தம் ஆறேழு வரிக்குள், "மேலும் படிக்க" என்று மடங்காமல், திரையிலேயே முழுதாகத் தெரியவேண்டும். தேங்காய்ச் செய்திக்கு இப்படி எழுதலாம்:

> கேன்சருக்கு ஆஸ்பத்திரி சிகிச்சைதான் மருந்து. தேங்காய்த் தண்ணி குடிக்கலாம், ஆனா அது கட்டியைக் கரைக்காது. காலையில வந்த செய்தியில இருக்கிற டாக்டர் அப்படிச் சொல்லலைனு டாடா மருத்துவமனையே 2019-ல சொல்லிட்டாங்க. முன்னாடி எலுமிச்சை, அன்னாசினு வந்த அதே செய்திதான், இப்போ தேங்காய்னு மாத்தியிருக்காங்க. யாராவது வேற குரூப்புக்கு அனுப்பியிருந்தா இதையும் அங்க போட்டுடுங்க.

எலுமிச்சை, அன்னாசி வரியை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். "இது பொய்" என்று மட்டும் சொன்னால் மனத்தில் ஒரு காலி இடம் விழுகிறது: பொய் என்றால் டாக்டர் பெயரோடு எப்படி வந்தது? அந்த இடத்தை நிரப்பாவிட்டால் பழைய கதையே மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். 1994-இல் ஜான்சன், சீஃபர்ட் இருவரும் நடத்திய சோதனை இதைத்தான் காட்டியது. ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையில், அறையில் பெயிண்டும் கேஸ் சிலிண்டர்களும் இருந்தன என்று முதலில் சொல்லி, பிறகு அது தவறு, அறை காலி என்று திருத்தினார்கள். திருத்தத்தைப் படித்து நினைவில் வைத்திருந்தவர்களும் கரும்புகைக்குக் காரணம் பெயிண்ட் என்றே பதில் சொன்னார்கள். தீவைப்புக்கான பொருள்கள் கிடைத்தன என்று மாற்றுக் காரணம் தந்த பிறகுதான் பெயிண்ட் அவர்கள் பதிலிலிருந்து குறைந்தது.

பழைய செய்தியின் படத்தையோ வீடியோவையோ மறுப்போடு சேர்த்து மறுபடி அனுப்பாதீர்கள். அந்தப் படம் உங்கள் வரியை விட்டுத் தனியாகப் பயணம் போய்விடும். போட்டே ஆகவேண்டும் என்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவில் குறுக்காகச் சிவப்பில் "பொய்" என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். மூலையில் எழுதினால் வெட்டிவிடலாம்.

"வாய்ஸ் நோட்டா அனுப்பினா கேப்பாங்களா?"

எழுத்தைவிட நன்றாகவே. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வாட்ஸ்அப் பயன்படுத்துவோரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வொன்றில், ஒலிவடிவ மறுப்பு எழுத்தையும் படத்தையும்விட அதிகம் கவனிக்கப்பட்டது, நம்பிக்கையையும் அதிகம் திருத்தியது. நெருங்கியவரிடமிருந்து வந்த மறுப்பை மற்றவர்களுக்கு அனுப்பவும் மக்கள் அதிகம் முன்வந்தார்கள்.

அரை நிமிடத்துக்குள் முடியுங்கள். யார் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த ஒலித்துண்டு உங்களைத் தெரியாத குரூப்புகளுக்கும் போகலாம். தேதியும் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் போனைப் பார்க்கும் தாத்தா பாட்டிகளுக்கு இதுதான் வழி.

"ஆதாரத்துக்கு லிங்க் போட்டா யாரும் திறக்கறதே இல்ல. எத்தனை ஆதாரம் குடுக்கணும்?"

ஒன்று போதும். இல்லாவிட்டாலும் மறுக்காமல் இருப்பதைவிட மேல். சுமித்ரா பத்ரிநாதன், சைமன் ஷோஷார் இருவரும் இந்தியாவில் வாட்ஸ்அப் உரையாடல் போன்ற வடிவில் நடத்திய சோதனையில், உறுப்பினர் ஒருவர் ஆதாரம் எதுவும் தராமல் "இது உண்மைனு தோணலை" என்ற அளவில் சொன்னதே நம்பிக்கையைக் குறைத்தது. விரிவான ஆதாரத்துடன் வந்த மறுப்பு அதைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

இதிலிருந்து ஆதாரமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நீங்கள் சரிபார்த்த பிறகுதான் மறுக்கவேண்டும். உங்கள் மறுப்பு ஒருமுறை தவறிப்போனால் அடுத்த பத்து முறை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் சேர்த்த அத்தனை ஆதாரத்தையும் குரூப்பில் கொட்டவேண்டியதில்லை. கேட்டால் கொடுங்கள். லிங்க் போடும்போது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு வரியில் வெளியே எழுதிவிடுங்கள், திறக்காதவர்களுக்கும் செய்தி போய்ச் சேரும். தமிழ்ச் செய்திகளுக்கு யூடர்ன் போன்ற தமிழ் உண்மைச் சரிபார்ப்புத் தளங்களில் தேடுங்கள். ஆங்கில லிங்க் குடும்பக் குரூப்பில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும்.

"மறுத்தா இன்னும் பிடிவாதமாத்தான் நம்புவாங்கன்னு சொல்றாங்களே?"

2010-இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு அந்தக் கருத்து பரவியது. பின்னர் வூட், போர்ட்டர் இருவரும் பல்லாயிரம் பேரிடம், ஐம்பதுக்கு மேற்பட்ட விஷயங்களில் சோதித்தபோது அப்படிப்பட்ட எதிர்விளைவு அநேகமாகக் கிடைக்கவில்லை. மறுப்பு பொதுவாக நம்பிக்கையைக் குறைக்கவே செய்கிறது. எதிரே பார்க்கும் பிடிவாதம் பெரும்பாலும் மானம் காக்கும் பேச்சு. வாதம் தோற்காமல் பேசிவிட்டு, மறுநாள் அதே செய்தியை வேறு யாருக்கும் அனுப்பாமல் இருப்பவர்கள் நிறைய. அதனால் இரண்டாவது பதிலுக்கு மேல் குரூப்பில் வாதாடாதீர்கள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று.

"குழந்தை கடத்தறவங்க ஊருக்குள்ள வந்திருக்காங்கன்னு வாய்ஸ் மெசேஜ் வந்தா? அப்பவும் முதல்ல போன் பண்ணிப் பேசணுமா?"

கூடாது. இங்கே வரிசை தலைகீழ். குரூப்பில் உடனே, அதே நிமிடத்தில். மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழிதேடிச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கடத்தல்காரர்கள் என்று ஊரார் சூழ்ந்து அடித்ததில் 65 வயதுப் பெண் இறந்துபோனார். வடமாநிலக் கும்பல் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்று ஒலிச்செய்திகள் ஓடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அந்த ஆண்டு நாடெங்கும் இப்படிக் கொலைகள் நடந்தன. ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்து சாட்டாகக் குறைத்தது அதற்குப் பிறகுதான்.

அப்போது அதிகம் சுற்றிய வீடியோவில் பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, பதாகை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் இங்கே அனுப்பினார்கள். வரிசையாகக் கிடத்தப்பட்ட குழந்தைகளின் படமும் வந்தது. அது 2013-இல் சிரியாவில் நடந்த வேதித் தாக்குதலில் எடுத்தது.

இத்தகைய செய்திக்குப் பதில் போடும்போது "பொய்" என்பதோடு நிறுத்தாதீர்கள். குழந்தையைப் பற்றிப் பயந்திருக்கும் தாய்க்குச் செய்ய ஏதாவது ஒன்று வேண்டும். "நம்ம ஸ்டேஷன்ல கேட்டாச்சு, இப்படி எந்தப் புகாரும் இல்லை. சந்தேகமா யாரையாவது பாத்தா 112-க்குப் போன் பண்ணுங்க, யாரும் அடிக்கவோ பிடிச்சுவைக்கவோ வேண்டாம்" என்று போடுங்கள். ஸ்டேஷனில் நிஜமாகவே கேட்டுவிட்டு எழுதுங்கள், ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்துக்கும், "விசாரிக்கிறேன், அதுவரை யாரும் அனுப்பாதீங்க" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

"வீடியோ எங்க எடுத்ததுன்னு போன்லயே பாக்க முடியுமா?"

வீடியோவில் முகம், கடைப் பெயர்ப்பலகை, வண்டி எண் பலகை தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூன்று நான்கு இடங்களில் எடுப்பது நல்லது. வாட்ஸ்அப்பின் மேல்பட்டையை வெட்டிவிட்டு கூகுள் ஆப்பில் கேமரா சின்னத்தைத் தட்டி, அந்தப் படத்தைக் கொடுங்கள். இந்தச் செய்தி வந்த தேதிக்கு முந்தைய தேதியில் அதே காட்சி கிடைத்தால் போதும், தலைப்பு பொய் என்று தெரிந்துவிடும். கிடைக்கவில்லை என்பதால் உண்மை என்று ஆகிவிடாது. பெயர்ப்பலகையின் மொழி, வண்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்து, ஆட்டோவின் நிறம் இவற்றைப் பார்ப்பதே பல நேரம் தேடலைவிட வேகமாக ஊரைச் சொல்லிவிடும்.

"நான்தான் அட்மின். டிலீட் பண்ணிடட்டுமா?"

தேங்காய்ச் செய்தி போன்றதை நீக்காதீர்கள். நீக்கினால் அட்மின் நீக்கினார் என்று குரூப்பில் தெரியும், அனுப்பியவருக்கு அது அறை வாங்கியது போல. ஏற்கெனவே படித்தவர்களுக்கு ஏன் நீக்கப்பட்டது என்றும் தெரியாது. அதற்குப் பதில் மறுப்பை `Pin` செய்யுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும், 7 நாள் போதும். கடத்தல், கலவரம், ஒருவரின் படத்தைப் போட்டுக் குற்றவாளி என்று சொல்வது ஆகியவற்றை மட்டும் உடனே நீக்கி, ஏன் நீக்கினீர்கள் என்று அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். வேறு குரூப்புக்குப் போய்விட்ட பிரதிகள் இதனால் அழியாது. ஆகவே மறுப்பும் வேண்டும்.

உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் குற்றப் பொறுப்பு வராது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது. தானே ஃபார்வர்டு செய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"சித்தப்பா தினமும் பத்து செய்தி போடறார். எல்லாத்தையும் மறுத்துக்கிட்டே இருக்க முடியுமா?"

முடியாது, முயலவும் வேண்டாம். உடல்நலம், பணம், யார் மீதாவது கை ஓங்கவைப்பது ஆகிய மூன்றுக்கு மட்டும் பேசுங்கள். யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று அறிவித்ததாக வருவது பொய்தான், ஆனால் அதற்காகச் சித்தப்பாவிடம் இருக்கும் செல்வாக்கைச் செலவழிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மறுப்பு போடும் ஆளின் பெயரைப் பார்த்ததுமே தாண்டிப் போகப் பழகிவிடுவார்கள், முக்கியமான நாளில் அது கைவிட்டுவிடும்.

அவரிடம் ஒரு பழக்கத்தைக் கேளுங்கள்: உடல்நலச் செய்தி வந்தால் குரூப்புக்கு முன்னால் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் பத்து நிமிடத்தில் பதில் கொடுக்க வேண்டும். சில செய்திகள் உண்மையாகவும் இருக்கும். அப்போது "இது சரிதான் சித்தப்பா, போடுங்க" என்று சொன்னால்தான் அடுத்ததையும் அனுப்புவார்.

"கட்சி, சாதி, மதச் செய்திக்கும் இதே வழி வேலை செய்யுமா?"

குறைவாகத்தான். பீகாரில் சுமார் 1,200 பேருக்கு வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார் பத்ரிநாதன். மொத்தத்தில் பலன் தெரியவில்லை. தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களில் ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் இன்னும் மோசமாகவே கணித்தார்கள். பின்னர் அதே மாநிலத்தில் பதின்ம வயது மாணவர்களுக்குப் பல வாரம் வகுப்பு நடத்தியபோது நல்ல மாற்றம் தெரிந்தது, அவர்களின் பெற்றோரிடமும் ஓரளவு தெரிந்தது. வீட்டில் உள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படத்தேடலைச் சொல்லிக்கொடுப்பது, மாமாவோடு தேர்தல் நேரத்தில் வாதாடுவதைவிடப் பலன் தரும். கட்சிச் செய்தியை மறுக்கத்தான் வேண்டும் என்றால், அதே கட்சிக்கு ஓட்டுப் போடும் உறவினர் ஒருவரை மறுக்கச் சொல்லுங்கள்.

"அத்தை ஏற்கெனவே அந்தத் தேங்காய்த் தண்ணியைக் குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப என்ன பண்றது?"

தேங்காய்த் தண்ணீரை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: அடுத்த கீமோ தேதி என்ன, போன தடவை போனார்களா, மாத்திரையை நிறுத்தினார்களா? ஆபத்து அதில்தான் இருக்கிறது. சிகிச்சை தொடர்கிறது என்றால், குடிப்பதை அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் அதற்குள்ளேயே போனில் கேட்டுவிடுங்கள்.

சிகிச்சையை நிறுத்தியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் வாந்தி, முடி உதிர்தல், பணம், கூடப் போக ஆள் இல்லாதது என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். வாந்திக்கு மருந்து இருக்கிறது, பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், கூடப் போக குரூப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். யார் போவது என்பதை அன்றைக்கே தேதி போட்டு முடிவுசெய்யுங்கள்.